கேட் பூட்டிய நாட்களுக்குச் சம்பளம் உண்டா? கதவடைப்பு, வேலைநிறுத்தம் பற்றிக் கடலூர் - புதுச்சேரி தொழிலாளர்கள் கேட்கும் கேள்விகள்

காலை ஷிப்டுக்குப் போனா கேட் பூட்டியிருக்கு. கம்பெனி இதை ஸ்ட்ரைக்குன்னு சொல்லுது, நாங்க லாக்-அவுட்னு சொல்றோம். எதை வச்சு முடிவு பண்றது?

அன்றைக்கு வேலை நடக்காமல் போனது யாருடைய முடிவால் என்பதை வைத்துத்தான். தொழிலாளர்கள் ஒன்றுசேர்ந்து, பேசி வைத்துக்கொண்டு வேலை செய்ய மறுத்தால் அது வேலைநிறுத்தம். நிர்வாகம் தன் முடிவால் ஆலையைத் தற்காலிகமாக மூடினாலும், வேலையை நிறுத்தி வைத்தாலும், ஆட்களைத் தொடர்ந்து வேலைக்கு வைத்துக்கொள்ள மறுத்தாலும் அது கதவடைப்பு. பூட்டு தொங்குகிறதா என்பது மட்டும் எதையும் தீர்மானிக்காது. கேட் திறந்திருக்க எல்லோரும் வெளியே உட்கார்ந்திருந்தால் வேலைநிறுத்தம்தான். கேட்டில் பூட்டே இல்லாமல், டைம் ஆபீஸில் கார்டை வாங்கி வைத்துக்கொண்டு திருப்பி அனுப்பினால் அது கதவடைப்பாக இருக்கலாம்.

ஒரு தகராறில் இரண்டுமே அடுத்தடுத்து வரும் என்பதுதான் பலரும் கவனிக்காத விஷயம். முதல் சில நாட்கள் வேலைநிறுத்தம், பிறகு கதவடைப்பு, அப்புறம் தொழிலாளர்கள் வேலைக்கு வரத் தயாரான பிறகும் நீடிக்கும் கதவடைப்பு. மொத்தத்துக்கும் ஒரே பெயர் வைத்துச் சம்பளம் கேட்டால் வழக்கு அங்கேயே பாதி தோற்றுவிடும். ஒவ்வொரு கட்டத்தையும் தேதி போட்டுப் பிரித்துக் கேட்க வேண்டும்.

இன்னொன்று. இப்போது நடைமுறையில் இருப்பது தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பு, 2020. அது 2025 நவம்பர் 21 முதல் அமலில் இருக்கிறது. அதன்படி, ஒரே நாளில் பாதிப் பேரோ அதற்கு மேலோ பேசி வைத்துக்கொண்டு தற்செயல் விடுப்பு எடுத்தால் அதுவும் வேலைநிறுத்தம்தான். "நாங்க லீவுதான் போட்டோம்" என்ற பழைய வாதம் இனி எடுபடாது. அந்தத் தேதிக்கு முன்பு நடந்த சம்பவமானால் 1947-ஆம் ஆண்டு தொழில் தகராறுகள் சட்டத்தை வைத்துத்தான் பார்க்க வேண்டும்.

சுத்தி வளைக்காம சொல்லுங்க. லாக்-அவுட் நாளுக்குச் சம்பளம் வருமா, வராதா?

கதவடைப்பு சட்டவிரோதம் என்றால் முழுச் சம்பளம் வர வேண்டும். சட்டப்படியும் நியாயமாகவும் நடந்த கதவடைப்பு என்றால் வராது. இரண்டு பக்கமும் தவறு இருந்தால் தீர்ப்பாயம் தவறைப் பங்கு போட்டுப் பாதியோ வேறு ஒரு பங்கோ கொடுக்கும்.

வேலைநிறுத்தத்துக்கு அளவுகோல் இன்னும் கடுமை. அது சட்டப்படியானதாக இருந்தால் மட்டும் போதாது, நியாயமானதாகவும் இருக்க வேண்டும். இரண்டும் சேர்ந்தால்தான் சம்பளம். 1978-இல் கிராம்ப்டன் கிரீவ்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் இப்படிச் சொன்னது. இடையில் வேறு விதமான தீர்ப்புகள் வந்து குழப்பம் ஏற்பட்டதால், 1994-இல் சிண்டிகேட் வங்கி வழக்கில் ஐந்து நீதிபதிகள் அமர்வு அதையே உறுதி செய்தது. ஆகவே நோட்டீஸ் இல்லாமல் தொடங்கிய சட்டவிரோத வேலைநிறுத்த நாட்களுக்குச் சம்பளம் வரும் என்று யாராவது கேட் மீட்டிங்கில் சொன்னால் நம்ப வேண்டாம். கோரிக்கை எவ்வளவு நியாயமாக இருந்தாலும் அந்த நாட்களுக்குச் சம்பளம் கிடைப்பது அரிது.

நியாயமானது என்பதற்கும் ஒரு வரையறை உண்டு. கோரிக்கை முழுக்க அர்த்தமில்லாததாகவோ அடாவடியாகவோ இருந்தால் ஒழிய, வேலைநிறுத்தத்தை நியாயமற்றது என்று எளிதில் சொல்லிவிட முடியாது. ஆனால் அடிதடியும் சேதமும் நடந்தால், கோரிக்கையின் நியாயம் சம்பளத்துக்கு உதவாது. சமரச அதிகாரியிடம் போக வழி இருந்தும் காத்திருக்காமல் அவசரப்பட்டு இறங்கிய வேலைநிறுத்தத்தை நியாயமற்றது என்று 1960-லேயே சந்திரமலை எஸ்டேட் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

நோட்டீஸ் கொடுத்து 14 நாள் தாண்டிடுச்சு. இனிமே இறங்கினா சட்டப்படியான ஸ்ட்ரைக்தானே?

இல்லை. அந்த 14 நாள் முதல் படி மட்டுமே. பழைய சட்டத்தில் நோட்டீஸ் கட்டாயம் பொதுப் பயன்பாட்டுச் சேவைகளுக்கு மட்டும்தான் இருந்தது. புதிய தொகுப்பு அதை எல்லாத் தொழிற்சாலைகளுக்கும் நீட்டிவிட்டது. சிப்காட்டில் ஒரு சாயப் பொருள் ஆலையாக இருந்தாலும் சரி, வில்லியனூரில் ஒரு பிளாஸ்டிக் கம்பெனியாக இருந்தாலும் சரி, விதி ஒன்றே.

நோட்டீஸ் வந்ததும் நிர்வாகம் ஐந்து நாட்களுக்குள் அரசுக்கும் சமரச அதிகாரிக்கும் தெரிவிக்க வேண்டும். அதிகாரி முதல் கூட்டம் கூட்டிய நாளிலிருந்து சமரச நடவடிக்கை தொடங்கிவிட்டதாகக் கணக்கு. அது நடக்கும்போதும், முடிந்து ஏழு நாட்கள் வரையிலும் வேலைநிறுத்தம் செய்யக் கூடாது. செய்தால் சட்டவிரோதம்.

தேதி போட்டுப் பார்க்கலாம். ஜூன் 1 அன்று நோட்டீஸ் கொடுக்கிறீர்கள். ஜூன் 10 அன்று அதிகாரி முதல் கூட்டம் கூட்டுகிறார். வேலைநிறுத்த நோட்டீஸ் வந்த தகராறில் அவர் 14 நாட்களுக்குள் அறிக்கை தர வேண்டும். ஜூன் 24 அன்று உடன்பாடு இல்லை என்று அறிக்கை போய் சமரசம் முடிந்ததாக வைத்துக்கொள்வோம். அதிலிருந்து ஏழு நாள், ஜூலை 1. ஆக, ஜூன் 16 அன்று வெளியே வந்திருந்தால் 14 நாள் தாண்டியும் அது சட்டவிரோதம். ஜூலை 2 முதல்தான் கதவு திறக்கிறது. அந்த நோட்டீஸும் 60 நாள் வரைதான் செல்லும், அதாவது ஜூலைக் கடைசியோடு காலாவதி. அதற்குள் இறங்காவிட்டால் மறுபடி நோட்டீஸ்.

இடையில் நிர்வாகமே தீர்ப்பாயத்தில் மனு போட்டுவிட்டால்? வழக்கு நடக்கும் காலமும் அது முடிந்து 60 நாளும் தடைக் காலம். சமரசம் தோற்றபின் 90 நாட்களுக்குள் எந்தத் தரப்பும் நேரடியாகத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம் என்பதால், இதை நிர்வாகங்கள் ஒரு ஆயுதமாகவே பயன்படுத்த முடியும். சட்டப்படி வேலைநிறுத்தம் செய்ய இடம் இருக்கிறது என்று சொல்கிறார்கள். என் பார்வையில் அந்த இடம் ஒரு சந்து அளவுக்குத்தான் இருக்கிறது. ஒரே ஆறுதல், மனு போடும் முன்பே சட்டப்படி தொடங்கிவிட்ட வேலைநிறுத்தம், மனு போட்ட காரணத்தாலேயே சட்டவிரோதமாகிவிடாது.

ஏற்கனவே ஓர் ஒப்பந்தம் அமலில் இருந்தால், அதில் அடங்கிய விஷயத்துக்காக இறங்கவே முடியாது. ஊதிய உயர்வு ஒப்பந்தம் 2028 வரை இருக்கும்போது ஊதியத்துக்காக வேலைநிறுத்தம் என்றால் நோட்டீஸ், தேதி எல்லாம் சரியாக இருந்தும் சட்டவிரோதம்தான்.

இதே தடைகள் கதவடைப்புக்கும் உண்டு. நிர்வாகமும் 14 நாள் நோட்டீஸ் கொடுக்க வேண்டும், சமரசம் நடக்கும்போது கதவடைப்பு அறிவிக்கக் கூடாது. தண்டனை மட்டும் வேறு: சட்டவிரோத வேலைநிறுத்தம் செய்த தொழிலாளிக்கு ஆயிரம் முதல் பத்தாயிரம் ரூபாய் வரை அபராதம், சட்டவிரோதக் கதவடைப்பு செய்த முதலாளிக்கு ஐம்பதாயிரம் முதல் ஒரு லட்சம் வரை. இரண்டிலும் ஒரு மாதம் வரை சிறைக்கும் இடம் உண்டு. அபராதம் விதிக்கப்பட்டதா இல்லையா என்பதை வைத்துச் சம்பளம் முடிவாகாது. அது தனிக் கணக்கு.

முதல்ல நாங்க மூணு நாள் நோட்டீஸ் இல்லாம வேலையை நிறுத்திட்டோம். அதுக்காகக் கம்பெனி ஒரு மாசத்துக்கு மேல பூட்டி வச்சுட்டாங்க. "நீங்கதானே ஆரம்பிச்சீங்க, ஒரு நாளுக்கும் சம்பளம் இல்லை"ன்னு சொல்றாங்க. சரியா?

முழுக்கச் சரியில்லை. இந்தக் கேள்விதான் அதிகம் வருகிறது, பணமும் இதில்தான் அதிகம் போகிறது. அதனால் ஒரு கணக்கைப் போட்டே பார்த்துவிடலாம். கீழே உள்ள ஆலை கற்பனை, சட்டம் கற்பனை இல்லை.

புதுச்சேரி மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் 120 பேர் வேலை செய்யும் ஓர் ஆலை. தினச் சம்பளம் 650 ரூபாய், ஞாயிறு விடுமுறை. ஒரு தொழிலாளியை சஸ்பெண்ட் செய்ததை எதிர்த்து ஜூன் 1, திங்கள்கிழமை எல்லோரும் வேலையை நிறுத்துகிறார்கள். நோட்டீஸ் இல்லை. ஜூன் 4 அன்று நிர்வாகம் கேட்டில் கதவடைப்பு அறிவிப்பை ஒட்டி, அதே நாளில் தொழிலாளர் துறைக்கும் தகவல் அனுப்புகிறது. ஜூன் 12 அன்று சங்கம் எழுத்தில் கொடுக்கிறது: "வேலைநிறுத்தத்தை விலக்கிக்கொள்கிறோம், நாளை காலை ஷிப்டு முதல் நிபந்தனை இல்லாமல் வேலைக்கு வருகிறோம்." நிர்வாகம் ஏற்கவில்லை. ஜூலை 17 அன்றுதான் கேட் திறக்கிறது.

ஜூன் 1 முதல் 3 வரை மூன்று வேலை நாட்கள், 1,950 ரூபாய். நோட்டீஸ் இல்லாத வேலைநிறுத்தம், ஆகவே சட்டவிரோதம். இந்தப் பணத்தை மறந்துவிட வேண்டியதுதான்.

ஜூன் 4 முதல் 12 வரை எட்டு வேலை நாட்கள், 5,200 ரூபாய். இங்கே நிர்வாகமும் 14 நாள் நோட்டீஸ் கொடுக்கவில்லையே என்று கேட்பீர்கள். வேலைநிறுத்தம் ஏற்கனவே நடந்துகொண்டிருக்கும்போது கதவடைப்புக்கு முன் நோட்டீஸ் தேவையில்லை. அறிவித்த அன்றே அதிகாரிக்குத் தகவல் தந்தால் போதும். சட்டவிரோத வேலைநிறுத்தத்தின் விளைவாக வந்த கதவடைப்பு சட்டவிரோதம் ஆகாது என்றும் சட்டம் தெளிவாகச் சொல்கிறது. இந்த எட்டு நாளில் தொழிலாளர்களும் வேலைக்கு வரத் தயார் என்று சொல்லவில்லை. ஆகவே இதிலும் நம்பிக்கை குறைவு.

ஜூன் 13 முதல் ஜூலை 16 வரை 29 வேலை நாட்கள், 18,850 ரூபாய். இங்கேதான் நிலைமை மாறுகிறது. வேலைநிறுத்தம் முடிந்துவிட்டது. ஆட்கள் வேலைக்கு வரத் தயார் என்று எழுத்தில் இருக்கிறது. ஆரம்பத்தில் தவறில்லாத கதவடைப்பு, காரணம் போன பிறகும் தொடர்ந்தால் அது தண்டனையாகிவிடுகிறது. 1963-இல் இந்தியா மரைன் சர்வீஸ் வழக்கில் இதே மாதிரி நிலைமைதான்: தொழிலாளர்களின் வேலைநிறுத்தம் நியாயமற்றது, கதவடைப்பு தொடங்கியதற்குக் காரணம் இருந்தது, ஆனால் 53 நாட்கள் நீட்டித்தது நியாயமற்றது. உச்ச நீதிமன்றம் தவறை இரு பக்கமும் பங்கு போட்டுப் பாதிச் சம்பளம் கொடுத்தது. 1976-இல் ஸ்டேட்ஸ்மன் பத்திரிகை வழக்கிலும் இந்தப் பங்கு போடும் முறையையே பின்பற்றியது. நம் கணக்கில் பாதி என்றால் ஆளுக்கு 9,425 ரூபாய். நிர்வாகத்துக்கு நீட்டிக்க எந்தக் காரணமும் இல்லை என்று நிரூபித்தால் 18,850-ஐ முழுதாகக் கேட்கவும் வாதம் இருக்கிறது.

மொத்தம் 26,000 ரூபாய் கேட்டு வழக்குப் போடுவதைவிட, மூன்றாம் கட்டத்தை மட்டும் அழுத்தமாகக் கேட்பது நல்லது என்பது என் கருத்து. முதல் மூன்று நாளுக்கும் சேர்த்து அடம் பிடித்தால் "தவறே செய்யவில்லை என்கிறார்கள்" என்ற எண்ணம்தான் மிஞ்சும்.

எல்லாம் அந்த ஜூன் 12 கடிதத்தில் இருக்கிறது. அது இல்லாவிட்டால் மூன்றாம் கட்டமே கிடையாது. நிர்வாகம் 40 நாளும் வேலைநிறுத்தம் என்று சாதித்துவிடும். கடிதத்தில் மூன்று விஷயம் போதும்: வேலைநிறுத்தம் விலக்கப்பட்டது, எந்தத் தேதி எந்த ஷிப்டு முதல் வருகிறோம், நிபந்தனை இல்லை. "சஸ்பெண்ட் ஆனவரையும் சேர்த்துக்கொண்டால் வருகிறோம்" என்று ஒரு வரி சேர்த்தால், அது வேலைநிறுத்தம் தொடர்கிறது என்று எழுதிக் கொடுத்ததாகிவிடும். அவருடைய விஷயத்தைத் தனிக் கடிதத்தில் எழுப்புங்கள். நிர்வாகத்துக்கு ஸ்பீட் போஸ்டிலும் மின்னஞ்சலிலும் அனுப்பி, சமரச அதிகாரியிடம் நகல் கொடுத்து முத்திரை வாங்குங்கள். மேனேஜரின் வாட்ஸ்அப்புக்கு அனுப்பியது மட்டும் ஆதாரமாக இருந்தால் அதை நிரூபிக்கவே பாடுபட வேண்டியிருக்கும். மறுநாள் காலை சொன்னபடி ஷிப்டு நேரத்துக்கு யூனிஃபார்மோடு கேட்டுக்குப் போய் நிற்க வேண்டும். கடிதம் கொடுத்துவிட்டு வீட்டில் இருந்தால் அந்தக் கடிதத்துக்கு மதிப்பில்லை.

திரும்ப வர்றோம்னு சொன்னா, "நன்னடத்தை பாண்டு எழுதிக் கொடுத்தாதான் உள்ளே"ங்கிறாங்க. கையெழுத்துப் போடாட்டா நாங்க ஸ்ட்ரைக்ல இருக்கிறதா ஆயிடுமா?

வேலைநிறுத்தம் சட்டப்படியானது என்றால், ஒவ்வொரு தொழிலாளியிடமும் தனித்தனியாக நன்னடத்தை உறுதி எழுதி வாங்கி, அதன்பிறகே உள்ளே விடுவேன் என்பது நேர்மையற்ற தொழில் நடவடிக்கை என்று சட்டத்தின் பட்டியலிலேயே இருக்கிறது. ஆனால் அந்தப் பட்டியலில் "சட்டப்படியான வேலைநிறுத்தத்தில் இருந்த" என்ற சொற்கள் இருப்பதைப் பலர் விட்டுவிட்டுப் படிக்கிறார்கள். மேலே சொன்ன ஆலை போல நோட்டீஸ் இல்லாமல் இறங்கியவர்களுக்கு இந்தப் பாதுகாப்பு நேரடியாகக் கிடைக்காது.

அப்போது காகிதத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்க வேண்டும். "நிலையாணைகளுக்குக் கட்டுப்பட்டு, அமைதியாக வேலை செய்வேன்" என்று மட்டும் இருந்தால் மறுப்பதில் லாபமில்லை. அது ஏற்கனவே உங்கள் கடமைதான். அதை மறுத்ததால் ஒரு மாதம் நீண்டது என்றால், பங்கு போடும்போது அந்தப் பழி உங்கள் பக்கம் வரும். "நான் சட்டவிரோத வேலைநிறுத்தம் செய்தேன், கதவடைப்புக் காலச் சம்பளம் கேட்கமாட்டேன், இனி சங்கத்தில் சேரமாட்டேன்" என்று இருந்தால் கதை வேறு. கையெழுத்துப் போடாமல், சங்கத்தின் பெயரில் ஒரே கடிதமாக "நிலையாணைகளின்படி ஒழுங்காக வேலை செய்வோம்" என்று நீங்களாகவே எழுதிக் கொடுத்துவிடுங்கள். பிறகு தீர்ப்பாயத்தில் இரண்டு காகிதத்தையும் பக்கத்தில் வைத்துக் காட்டலாம்.

சட்டவிரோத ஸ்ட்ரைக்குக்கு ஒரு நாளைக்கு எட்டு நாள் சம்பளம் பிடிப்போம்னு நோட்டீஸ் போர்டுல போட்டிருக்காங்க. பிடிக்கலாமா?

ஒரு நாளைக்கு எட்டு நாள் என்று பெருக்கிப் பிடிக்க எந்தச் சட்டத்திலும் இடமில்லை. வராத நாட்களுக்கு அந்த நாட்களின் சம்பளம்தான் பிடிக்கலாம்.

எட்டு நாள் என்ற எண் வருவது ஊதியச் சட்டத் தொகுப்பில் உள்ள ஒரு விதிவிலக்கிலிருந்து. பழைய 1936-ஆம் ஆண்டு ஊதியம் வழங்கல் சட்டத்திலும் இதே விதி இருந்தது. பத்துப் பேரோ அதற்கு மேலோ ஒன்றுகூடிப் பேசி, வேலை நிபந்தனையில் சொல்லியிருக்கும் முன்னறிவிப்பு கொடுக்காமல், நியாயமான காரணமும் இல்லாமல் வராமல் இருந்தால், அந்த முன்னறிவிப்புக்கு ஈடாகக் கூடுதலாக ஒரு தொகையைப் பிடிக்கலாம். அதன் உச்சவரம்பு எட்டு நாள் சம்பளம், அவ்வளவுதான். நம் 650 ரூபாய்க் கணக்கில் 5,200-க்கு மேல் போகாது, மூன்று நாள் வேலைநிறுத்தமானாலும் பதின்மூன்று நாளானாலும் அதே வரம்புதான். உங்கள் நியமன உத்தரவிலோ நிலையாணையிலோ அப்படி ஒரு முன்னறிவிப்பு நிபந்தனை இருக்கிறதா என்று முதலில் தேடுங்கள். இல்லாவிட்டால் பிடிக்க ஆதாரமே இல்லை.

உள்ளே வந்து இயந்திரத்தின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாலும் வேலை செய்ய மறுத்தால் வரவில்லை என்றே கணக்கு. உள்ளிருப்புப் போராட்டத்துக்கு இதில் சலுகை இல்லை. 1936 ஜூலை 30 அன்று பிரெஞ்சு ஆட்சியில் சுடப்பட்ட பன்னிரண்டு ஆலைத் தொழிலாளர்களை ஆண்டுதோறும் நினைவுகூரும் ஊரில் இதைச் சொல்லச் சங்கடமாகத்தான் இருக்கிறது, ஆனால் சம்பளச் சட்டம் அப்படித்தான் இருக்கிறது.

சில மணி நேரம் மட்டும் வேலையை நிறுத்தினால் அந்த மணிகளுக்குத்தான் பிடிப்பார்கள் என்றும் நினைக்க வேண்டாம். 1990-இல் பாங்க் ஆஃப் இந்தியா வழக்கில், நான்கு மணி நேர வேலைநிறுத்தத்துக்கு ஒரு நாள் முழுச் சம்பளத்தைப் பிடித்ததை உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது.

லாக்-அவுட்டுக்கு முழுச் சம்பளம் இல்லேன்னாலும், லே-ஆஃப்னு பாதிச் சம்பளமாவது கேட்க முடியாதா?

முடியாது. இந்தக் கேள்விக்கு விடை நம் மாநிலத்திலேயே, கோத்தகிரியில் கிடைத்தது. 1957-இல் அங்கே கைர்பெட்டா எஸ்டேட்டில் மேலாளரைத் தொழிலாளர்கள் சிலர் தாக்கிப் பலத்த காயப்படுத்திவிட்டார்கள். மற்ற அலுவலர்களும் அந்தப் பிரிவில் வேலை செய்யப் பயந்ததால் நிர்வாகம் அதை மூடி வைத்தது. திரும்பத் திறந்த பிறகு தொழிலாளர்கள் லே-ஆஃப் இழப்பீடு கேட்டார்கள். 1960-இல் உச்ச நீதிமன்றம் இது லே-ஆஃப் இல்லை, கதவடைப்பு என்று சொல்லி மறுத்துவிட்டது.

வேறுபாடு காரணத்தில் இருக்கிறது. நிலக்கரி இல்லை, மூலப்பொருள் இல்லை, இயந்திரம் பழுது, சரக்கு தேங்கிவிட்டது, இயற்கைச் சீற்றம் என்று நிர்வாகத்தால் வேலை கொடுக்க முடியாமல் போவது லே-ஆஃப். அதற்குத் தகுதி உள்ளவர்களுக்கு அடிப்படைச் சம்பளமும் அகவிலைப்படியும் சேர்ந்த தொகையில் பாதி. கொடுக்க முடிந்தும், தகராறு காரணமாகக் கொடுக்க மாட்டேன் என்பது கதவடைப்பு. ரோடியர் மில் என்று நாம் சொல்லும் ஏஎஃப்டி, 2020 ஏப்ரலில் நிரந்தரமாக மூடப்படும் முன் லே-ஆஃபில் இருந்த காலத்தைப் பார்த்த குடும்பங்கள் புதுச்சேரியில் நிறைய உண்டு. அதனால்தான் வேலை இல்லாத நாள் என்றாலே பாதிச் சம்பளம் என்ற எண்ணம் இங்கே ஊறிப்போயிருக்கிறது. கதவடைப்புக்கு அந்தக் கணக்கு பொருந்தாது. அதில் முழுசு, அல்லது பங்கு, அல்லது ஒன்றுமில்லை.

நான் ஸ்ட்ரைக்கில் சேரவே இல்லை. ஆனா எங்க செக்‌ஷனுக்கும் வேலை இல்லைன்னு அனுப்பிட்டாங்க.

ஆலையின் ஒரு பிரிவில் நடக்கும் வேலைநிறுத்தத்தால் இன்னொரு பிரிவுக்கு லே-ஆஃப் கொடுத்தால், அதற்கு இழப்பீடு இல்லை என்று சட்டம் சொல்கிறது. கடுமையான விதிதான். ஆனால் உங்கள் பிரிவை ஓட்ட முடிந்தும் வேண்டுமென்றே நிறுத்தினார்கள் என்றால் அது கதவடைப்பு. சேராதவர்கள் தினமும் வருகைக் கையெழுத்துக்குப் போனதற்கும், திருப்பி அனுப்பப்பட்டதற்கும் ஆதாரம் வைத்துக்கொள்ள வேண்டும்.

இந்த நாட்கள்ல இஎஸ்ஐ, கிராஜுவிட்டி என்ன ஆகும்?

பொதுவாக, வேலைநிறுத்தத்தில் இருக்கும் நாளுக்கு இஎஸ்ஐ நோய்ப் பலன் பணம் கிடைக்காது. மருத்துவமனையில் உள்நோயாளியாகச் சேர்ந்திருப்பவருக்கும், வேலைநிறுத்த நோட்டீஸுக்கு முன்பிருந்தே அந்தப் பணத்தை வாங்கிக்கொண்டிருப்பவருக்கும் விதிகளில் விலக்கு இருந்துவருகிறது. கதவடைப்புக் காலத்துக்குச் சம்பளம் கொடுக்கப்பட்டால் அதற்கு இஎஸ்ஐ சந்தாவும் உண்டு.

கிராஜுவிட்டிக்கு, தொழிலாளியின் தவறு இல்லாமல் வேலை நின்ற நாட்கள் தொடர்ச்சியான சேவையில் சேரும். சம்பளம் இல்லாவிட்டாலும் சர்வீஸ் முறியாது என்பதை ஒப்பந்தத்தில் ஒரு வரியாக எழுதி வாங்கிவிடுவதே பாதுகாப்பு.

சம்பளத்தை எங்கே போய்க் கேட்கணும்? எவ்வளவு நாள் இருக்கு?

தனியார் ஆலைகளுக்குக் கடலூரில் தமிழ்நாடு தொழிலாளர் துறையின் சமரச அதிகாரியிடமும், புதுச்சேரியில் யூனியன் பிரதேசத் தொழிலாளர் துறையின் சமரச அதிகாரியிடமும் தகராறை எழுப்ப வேண்டும். நெய்வேலி என்எல்சி போன்ற மத்திய அரசு நிறுவனங்களுக்கு மத்தியத் தொழிலாளர் ஆணையர் அமைப்புதான். ஆலை பாகூர் பக்கம் இருந்து தொழிலாளி கடலூரில் குடியிருந்தால், பார்க்க வேண்டியது ஆலை இருக்கும் இடத்தை. இந்த எல்லைப் பகுதியில் தவறான அலுவலகத்தில் மனு கொடுத்துவிட்டு மாதக் கணக்கில் காத்திருப்பவர்கள் இருக்கிறார்கள்.

சமரசம் தோற்றால் அறிக்கை வந்ததிலிருந்து 90 நாட்களுக்குள் தீர்ப்பாயத்துக்கு மனு. ஊதிய அதிகாரியிடம் நேராகப் போய் "எனக்கு 29 நாள் சம்பளம் பாக்கி" என்று கேட்கலாமே, அதற்கு மூன்று வருடம் இருக்கிறதே என்று சிலர் சொல்வார்கள். தொகை ஒப்புக்கொள்ளப்பட்டிருந்தால் சரி. கதவடைப்பு நியாயமா இல்லையா என்பதே தகராறு என்றால், அதை முதலில் தீர்ப்பாயம் முடிவு செய்தாக வேண்டும். ஏற்கனவே உறுதியான உரிமையைக் கணக்குப் போட்டு வசூலிக்கத்தான் மற்ற வழிகள். அங்கே சுற்றிக்கொண்டிருக்கும்போது 90 நாள் கரைந்துவிடும்.

சமரசத்துல கேட் திறக்க ஒப்பந்தம் போடுறாங்க. கையெழுத்துப் போடுறதுக்கு முன்னாடி எதைப் பார்க்கணும்?

பெரும்பாலும் கடைசிப் பக்கத்தில் இருக்கும் ஒரு வரியை: "வேலைநிறுத்தம் மற்றும் கதவடைப்புக் காலத்துக்கு வேலை இல்லை, ஊதியம் இல்லை என்பதை இரு தரப்பும் ஏற்கின்றன." சமரச அதிகாரி முன்னால் போட்ட ஒப்பந்தம் சங்கத்தில் இல்லாதவர்களையும் கட்டுப்படுத்தும். அதில் இந்த வரி இருந்தால் மேலே போட்ட 18,850 ரூபாய்க் கணக்கு அங்கேயே முடிந்துவிடும், பிறகு தீர்ப்பாயத்துக்குப் போனாலும் பலன் கிடைக்காது.

கேட் திறக்க வேண்டும், வீட்டில் அரிசி இல்லை என்ற நிலையில் பேரம் பேசுவது கஷ்டம் என்பது புரிகிறது. அப்படியும் அந்த வரியை "கதவடைப்புக் காலச் சம்பளம் பற்றிய தகராறு தீர்ப்பாயத்தின் முடிவுக்கு விடப்படுகிறது" என்று மாற்றக் கேளுங்கள். நிர்வாகங்களும் உற்பத்தி தொடங்க அவசரப்படும் என்பதால் இதற்கு ஒத்துக்கொள்ள வாய்ப்பிருக்கிறது. அதற்கும் மறுத்தால், சம்பள முன்பணம் என்று எதையாவது கொடுப்பார்கள். அது தவணையில் திரும்பப் பிடிக்கப்படுமா, பிடிக்கப்படாதா, எத்தனை மாதத்தில் என்பதையும் அதே காகிதத்தில் எழுதி வாங்குங்கள்.